“கரைச் சாயம் இறங்குமா?” – விற்பனைப் பிரதிநிதிகளுக்கு ஒரு பொது விடைத்தொகுப்பு

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால், ஔஷதகிரியின் அடிவாரத்தில் விடியுமுன்பே கூட்டம் சேர்ந்துவிடும். தேவநாதப் பெருமாள் சந்நிதியில் திருமணம் நடத்துவதாக வேண்டிக் கொண்ட குடும்பங்கள் கடலூரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வந்து இறங்கும். உறவினர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டிய வேட்டியில் ஒன்றிரண்டு குறைந்திருப்பது அப்போதுதான் பலருக்கு நினைவு வரும். ஆதலின் அத்தகைய நாட்களில் அங்கே கடை போடுவது நெசவாளர் சங்கங்களுக்கு நல்ல வியாபாரம்.

நான் அறிந்த ஒரு சங்கம் அவ்வாறு கடை போட்டிருந்தது. வழக்கமாக நிற்கும் மூத்த பிரதிநிதிக்கு அன்று உடல்நலமில்லை. பணியில் சேர்ந்து இருபது நாள் ஆன இளைஞர் ஒருவரை அனுப்பியிருந்தார்கள். மணமகனின் மாமா ஒருவர் அரக்குக் கரை போட்ட எட்டு முழ வேட்டியைக் கையில் எடுத்து, “கரைச் சாயம் வெள்ளையில் இறங்குமா, தம்பி?” என்று கேட்டார். “ஒருகாலும் இறங்காது, ஐயா” என்றார் இளைஞர். இருபத்துநான்கு வேட்டிகள் அங்கேயே விற்றன. பதினைந்து நாள் கழித்து அவற்றுள் ஒன்பது திரும்பி வந்தன. முதல் சலவையிலேயே கரையின் சிவப்பு வெண்மையில் படர்ந்திருந்தது.

இளைஞர் பொய் சொல்லவில்லை. சங்கத்து வேட்டிக்குச் சாயம் போகாது என்று அவர் மனதார நம்பினார். ஆனால் அந்த மாதத்துக் கரைநூல் வேறொரு சாயப்பட்டறையில் தோய்க்கப்பட்டது என்பது மூத்தவருக்குத் தெரியும்; இவருக்குத் தெரியாது. மூத்தவராக இருந்திருந்தால், “முதல் இரண்டு சலவை தனியாக அலசுங்கள்” என்று சொல்லி விற்றிருப்பார். சங்கத்துக்கு வந்த நஷ்டத்தின் காரணம் இதுவே: விற்பனைக்கு வேண்டிய அறிவு ஒருவர் தலையில் மட்டும் இருந்தது, அவர் வராத நாளில் அதுவும் வரவில்லை. அவ்வறிவைச் சங்கத்தின் பொதுச் சொத்தாக எழுதி வைப்பது எப்படி என்பதே இப்பாடத்தின் பொருள்.

இது புதிய யோசனையன்று. அமெரிக்காவில் டேட்டன் நகரில் பணப் பதிவுப் பெட்டிகளைச் செய்து விற்ற நேஷனல் காஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில், ஜோசப் கிரேன் என்ற விற்பனையாளர், தாம் வாடிக்கைக்காரரிடம் பேசி வெற்றி கண்ட முறையை 1887ஆம் ஆண்டில் எழுத்தில் வடித்தார். கம்பெனியின் தலைவர் ஜான் பாட்டர்சன் அதனை அச்சிட்டு, எல்லாப் பிரதிநிதிகளும் மனப்பாடம் செய்ய வேண்டுமென்று விதித்தார். கடைக்காரர்கள் சொல்லும் மறுப்புகளுக்கு உரிய விடைகளும் பின்னர்த் தொகுக்கப்பட்டன. ஒருவருடைய திறமையைப் பலருக்கும் உரியதாக்கிய அளவில் அது பெரிய காரியம். ஆனால் நாம் அதனை அப்படியே எடுத்துக் கொள்வதற்கில்லை. பெட்டி ஒவ்வொன்றும் ஒரே தொழிற்சாலையில் ஒரே அச்சாக வார்க்கப்பட்டது. நம் வேட்டியோ, ஒவ்வொரு பாவிலும் நூலும் சாயமும் கையும் மாறக்கூடியது. மனப்பாடம் செய்த ஒரே விடை, ஒரு சரக்குக்கு உண்மையாகவும் அடுத்த சரக்குக்குப் பொய்யாகவும் முடியலாம். திருவந்திபுரத்தில் நேர்ந்தது அதுவே.

முதற்படி: வாடிக்கைக்காரரின் சொற்களைச் சேகரித்தல்

மறுப்புகளை அலுவலகத்தில் உட்கார்ந்து கற்பனை செய்து எழுதக்கூடாது. அவ்வாறு எழுதினால், நமக்கு விடை தெரிந்த கேள்விகளே தாளில் ஏறும். மேற்சொன்ன சங்கம், வேட்டிகள் திரும்பி வந்த பின்பு, ஆறு வாரத்துக்கு ஒரு சீட்டு முறையை வைத்தது. ஒவ்வொரு பிரதிநிதியும் அன்றன்று மாலையில், வாங்காமல் போனவரும் தயங்கி வாங்கியவரும் சொன்ன சொற்களை, அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும். தேதி, இடம், சரக்கு, கேட்ட கேள்வி, நாம் சொன்ன விடை, முடிவு என்று ஆறே விவரங்கள்.

“சொன்னபடியே” என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். “விலை பற்றிய ஆட்சேபம்” என்று எழுதினால் அதில் பயனில்லை. “இதே விலைக்கு டவுனில் ஜோடியாகத் தருகிறான்” என்றால் அவர் விசைத்தறித் துணியோடு ஒப்பிடுகிறார். “இவ்வளவு விலையில் வாங்கினால் அவர்கள் கட்டிக்கொள்ளவா போகிறார்கள்” என்றால் அவர் அன்பளிப்புக்கு வாங்க வந்தவர். மலிவான வேறொன்றைக் காட்டினால் வாங்குவார். இரண்டும் விலை பற்றியவைதாம்; விடைகள் வெவ்வேறு.

ஆறு வாரத்தில் சேர்ந்த சீட்டுகளை மேஜைமேல் பரப்பி, ஒத்தவற்றை ஒன்றாக அடுக்கினார்கள். நூற்றுக்கு நெருங்கிய சீட்டுகள் ஏழு குவியலில் அடங்கின. எங்கும் இவ்வாறே இருக்கும். மக்கள் தயங்கும் காரணங்கள் நாம் அஞ்சுமளவுக்குப் பலவல்ல. அக்குவியல்களில் உயரமானது சாயம் பற்றியது. ஆகவே அதனையே முதலில் எடுத்துக் கொண்டார்கள்.

இரண்டாம் படி: விடை எழுதுமுன் சரக்கைச் சோதித்தல்

விடை எழுதப் பிரதிநிதிகள் மட்டும் கூடினால், அழகாகப் பேசும் விடை கிடைக்கும். உண்மையான விடை கிடைக்காது. ஆகவே மூத்த பிரதிநிதி, புதிய இளைஞர், சாய மேஸ்திரி, அவ்வேட்டிகளை நெய்த அங்கத்தினர் ஒருவர், கணக்கர் ஆகிய ஐவரும் அமர்ந்தார்கள். சாயம் இறங்குமா என்ற கேள்விக்கு வாதத்தால் விடை காண முடியாது என்பதால், இருப்பிலிருந்த இரண்டு வகைக் கரைநூல்களில் நெய்தவற்றையும் சோதித்தார்கள்.

சோதனை எளியது. கரைத்துணியில் பத்து சென்டிமீட்டர் நீளமும் நான்கு சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டு ஒன்றை வெட்டி, அதே அளவுள்ள இரண்டு வெள்ளைத் துண்டுகளுக்கு இடையில் வைத்துத் தைக்க வேண்டும். லிட்டருக்கு ஐந்து கிராம் வீதம் சோப்பு கரைத்த நீர், துண்டின் எடையைப்போல் ஐம்பது மடங்கு எடுத்து, நாற்பது டிகிரிச் சூட்டில் வைத்து, அதில் அரைமணி நேரம் துண்டை அலைக்க வேண்டும். வெண்மையூட்டும் பொருள் கலவாத சோப்பே ஏற்றது. பின்பு அலசிப் பிரித்து உலர்த்தி, வெள்ளைத் துண்டில் எவ்வளவு சாயம் ஏறியிருக்கிறது என்பதைச் சாம்பல்நிற அளவு அட்டையோடு ஒப்பிட வேண்டும். அந்த அட்டையில் 5 என்றால் கறையே இல்லை. 1 என்றால் கறை மிகுதி. பரிசோதனைச் சாலைகளிலும் இதே அடிப்படையில்தான் பார்க்கிறார்கள். ஒரே கரைத்துண்டை, ஒவ்வொரு தடவையும் புதிய வெள்ளைத் துண்டுகளோடு, மூன்று முறை சோதித்தார்கள்.

வாட் சாயத்தில் தோய்த்த பழைய கரைநூல் மூன்று முறையும் 5க்கு அருகிலேயே நின்றது. ரியாக்டிவ் சாயத்தில் தோய்த்த புதிய கரைநூல் முதல் முறை 3க்கும் கீழே போயிற்று. இரண்டாம் முறை 4ஐ எட்டியது. மூன்றாம் முறை பழையதற்குச் சமமாக நின்றது. சாய மேஸ்திரிக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. ரியாக்டிவ் சாயம் பருத்தி இழையோடு இறுகப் பிணைவது. பிணைந்த சாயம் எளிதில் போகாது. ஆனால் தோய்க்கும்போது பிணையாமல் ஒட்டி நிற்கும் சாயமும் ஒரு பங்கு உண்டு. தோய்த்த நூலைக் கொதிக்கும் பதத்திலுள்ள சோப்பு நீரில் துவைத்து, அலசும் நீர் தெளியும்வரை அலசினால் அந்த உபரி நீங்கிவிடும். பட்டறையில் விறகையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க அந்த வேலையைக் குறைத்திருந்தார்கள். அந்த உபரிதான் மணவீட்டாரின் வேட்டியில் இறங்கிற்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முதல் சலவையில் மிகுதியாகவும் மூன்றாவதில் இல்லாமலும் இருந்தால், குற்றம் அலசலில் இருக்கிறது. சரக்கைத் திருத்தி விற்கலாம். மூன்றாவது சலவையிலும் அவ்வாறே இறங்கிக் கொண்டிருந்தால், குற்றம் சாயத்திலேயே இருக்கிறது. வெள்ளை உடல் கொண்ட வேட்டிக்கு அந்நூல் ஆகாது. அச்சரக்கை எந்த விடையாலும் விற்க முயலக்கூடாது.

மூன்றாம் படி: விடையட்டை எழுதுதல்

சோதனை முடிந்தபின் எழுதிய அட்டை பின்வருமாறு அமைந்தது.

வாடிக்கைக்காரர் கேட்பது: “கரைச் சாயம் வெள்ளையில் இறங்குமா?”

நாம் முதலில் கேட்க வேண்டியது: “முன்பு எங்காவது வாங்கி அப்படி ஆயிற்றா? உடனே கட்டிக்கொள்ளவா, வைத்திருந்து கொடுக்கவா?”

விடை: “நீலச் சீட்டு தைத்த வேட்டிகளின் கரையை மூன்று முறை சலவை செய்து பார்த்திருக்கிறோம்; இறங்கவில்லை. மஞ்சள் சீட்டு தைத்தவற்றில் முதல் இரண்டு சலவையில் சிறிது இறங்கலாம். தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி, சோப்பு நீரில் ஊற வைக்காமல், உடனே விரித்து உலர்த்த வேண்டும்.”

காட்ட வேண்டியது: சோதனையில் பயன்பட்ட வெள்ளைத் துண்டுகள் மூன்றும் வரிசையாக ஒட்டிய அட்டை.

சொல்லக்கூடாதது: “ஒருகாலும் இறங்காது.” “எல்லாச் சரக்கும் ஒன்றுதான்.”

சோதித்தவர், சோதித்த தேதி, எந்தப் பாவுகளுக்குப் பொருந்தும், எந்தத் தேதிவரை செல்லும்.

இந்த அட்டையில் உயிரான பகுதிகள் மூன்று. ஒன்று, விடைக்கு முன் வரும் கேள்வி. அதனால் வாடிக்கைக்காரரின் உண்மையான அச்சம் தெரிகிறது. இரண்டு, காட்ட வேண்டிய பொருள். கறைபடாத வெள்ளைத் துண்டு, புதியவர் பேசும் பத்து வாக்கியங்களைவிட நன்றாகப் பேசும். மூன்று, சொல்லக்கூடாதது. புதிய பிரதிநிதி தவறுவது பெரும்பாலும் விடை தெரியாமையால் அன்று. விற்க வேண்டுமென்ற ஆவலில் அளவுக்கு மேல் உறுதி கொடுப்பதால்தான். எல்லையை எழுதிக் கொடுத்தால் அவருக்கும் தைரியம் வரும்.

காட்சித் தாள்களும் அனுபவக் குறிப்புகளும்

விடையட்டைகளோடு வேறு இரண்டு தொகுப்புகள் வேண்டும். ஒன்று, சரக்கை அறிமுகம் செய்யும் காட்சித் தாள்கள். இக்காலத்தில் இவற்றைத் திரையில் ஸ்லைடுகளாகக் காட்டுவோரும் உண்டு. தாளாயினும் திரையாயினும், பார்ப்பவர் யார் என்பதைக் கொண்டு அமைக்க வேண்டும். பெரும்பான்மையான சங்கங்களின் தொகுப்பு, சங்கம் தொடங்கிய ஆண்டிலும் நிர்வாகக் குழுவின் படத்திலும் தொடங்குகிறது. கடலூர்த் துணிக்கடை முதலாளிக்கு அது வேண்டியதில்லை. நூலின் நம்பர், வேட்டியின் நீள அகலம், துவைத்தபின் எவ்வளவு சுருங்கும், ஒரு மாதத்தில் எத்தனை தரமுடியும், பழுதானால் எவ்வாறு மாற்றித் தருவோம் என்ற ஐந்தும் ஐந்து தாளில் இருந்தால் போதும். ஆறாவது தாளில் துணித்துண்டை ஒட்டுக. மணவீட்டாருக்கு வேறொரு தொகுப்பு. அவர்களுக்குத் தறியின் படமும் நெய்தவரின் பெயரும் பொருளுள்ளவை. கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் பட்டுச் சேலையோடு நெய்தவரின் படம் தாங்கிய அட்டையை வைத்து விற்றதுண்டு. விலையை மட்டும் எந்தத் தாளிலும் அச்சிடக்கூடாது. தேதியிட்ட தனிச் சீட்டாகவே வைக்க வேண்டும். விலை மாறும்போது முழுத் தொகுப்பும் பொய்யாகிவிடுவதை இவ்வாறு தடுக்கலாம்.

மற்றொன்று அனுபவக் குறிப்பு. ஒரு வாடிக்கைக்காரரோடு நடந்த வியாபாரத்தின் உண்மை வரலாறு. விளைவிப்போர் சங்கத்துக்கு ஏற்ற எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். பண்ருட்டி முந்திரிப் பருப்பை விற்கச் சென்ற பிரதிநிதியிடம், சிதம்பரத்து இனிப்புக் கடைக்காரர் ஒருவர், “வேறொருவர் இதைவிடக் குறைத்துத் தருகிறார்” என்று சொல்வதாக வைத்துக் கொள்வோம். முழுப் பருப்பின் தரத்தை ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தனை பருப்பு நிற்கும் என்பதைக் கொண்டு குறிப்பார்கள். 320 என்ற தரத்தில் 300 முதல் 320 வரை நிற்கும். எண்ணிக்கை கூடினால் பருப்பு சிறியது. பிரதிநிதி கடைக்காரரின் தராசிலேயே இரண்டையும் நிறுத்து எண்ணுகிறார். சங்கத்துப் பருப்பு 312, மற்றவருடையது 380. ஆக இரண்டும் ஒரே சரக்கன்று. விலை வேறுபாட்டுக்குக் காரணம் கண்ணெதிரே தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் அது விளம்பரம். அனுபவக் குறிப்பு அதற்கு மேலும் சொல்ல வேண்டும். கடைக்காரர் பருப்பை எதற்கு வாங்குகிறார் என்று கேட்டபோது, பெரும்பகுதியை அரைத்துக் கத்லிக்கே போடுகிறார் என்று தெரிகிறது. அரைப்பதற்குப் பெரிய முழுப் பருப்பு வேண்டுவதில்லை. பிரதிநிதி, மேலே பதிப்பதற்கு மட்டும் 320 தரமும், அரைப்பதற்கு உடைந்த பருப்பும் எடுத்துக் கொள்ளச் சொல்கிறார். அன்றைய விற்பனைத் தொகை குறைகிறது. ஆனால் வாங்கியவருக்குக் கணக்குச் சரியாக வருகிறது. முதலில் என்ன கேட்டார், நாம் எதைத் தவறாக எண்ணினோம், எதைக் கொடுத்தோம், பின்பு மறுபடி வாங்கினாரா என்ற நான்கும் இருந்தால்தான் புதியவர் அதிலிருந்து கற்றுக் கொள்வார். வாடிக்கைக்காரரின் பெயரைப் பிறரிடம் காட்டுவதானால் அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும்.

தொகுப்பைக் காப்பது

இத்தகைய தொகுப்புகள் கெடுவது, எழுதாமையால் அன்று; எழுதிய பின் பாராமையால். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த அட்டையின் படம் பத்துப் பேர் கைப்பேசியில் சுற்றிக் கொண்டிருக்கும். பாவு மாறியிருக்கும், விடை மாறியிராது. ஆகவே தொகுப்புக்கு ஒருவர் மட்டும் பொறுப்பாளராக இருக்கட்டும். மூல அட்டைகள் ஓரிடத்தில் இருக்கட்டும். புதிய சாயச் சரக்கு உள்ளே வரும் நாளிலேயே சோதனை நடந்து, அட்டையின் தேதி மாற வேண்டும். தேதி கடந்த அட்டையைப் பிரதிநிதி பயன்படுத்தக்கூடாது என்பது விதியாக வேண்டும்.

புதியவருக்குக் கற்பிக்கும்போது மனப்பாடத்தைச் சோதிக்க வேண்டாம். இரண்டு வேட்டிகளை முன்னே வைத்து, “இந்த விடையைச் சொல்லி இவற்றில் எதை விற்கமாட்டாய்?” என்று கேட்க வேண்டும். சீட்டின் நிறத்தைப் பார்த்துச் சரியாகச் சொல்பவர் கடையில் தனியாக நிற்கலாம். அட்டையை ஒப்பிப்பவர் இன்னும் சில நாள் மூத்தவரோடு நிற்கட்டும்.

தொகுப்பு பயன்படுகிறதா என்பதை விற்பனைத் தொகையைக் கொண்டு மட்டும் அறிய முடியாது. முகூர்த்தம் மிகுந்த மாதத்தில் எப்படியும் விற்கும். திரும்பி வந்த சரக்கின் எண்ணிக்கையையும், அதே கேள்விச் சீட்டுகளின் முடிவுப் பகுதியையும் பார்க்க வேண்டும். கேள்வி வந்தும் விற்பனை முடிந்து, சரக்கும் திரும்பி வராதிருந்தால் விடை நன்று. கேள்வியும் சரக்கும் சேர்ந்து திரும்பினால், அது பிரதிநிதிக்குரிய செய்தியன்று. தறிக்கும் சாயப்பட்டறைக்கும் உரிய செய்தி.

மேற்சொன்ன சங்கத்தில் நடந்ததும் அதுவே. சாயம் பற்றிய குவியலைக் கண்ட நிர்வாகக் குழு, ரியாக்டிவ் நூலைக் கொதிநீர்ச் சோப்பில் துவைத்துத் தராவிட்டால் ஏற்பதில்லை என்று பட்டறைக்கு எழுதிற்று. அதற்காக நூல் கட்டுக்குக் கூலி சிறிது ஏறியது. அதனைக் கொடுக்கலாமா என்று பொதுக்குழுவில் வாதம் எழுந்தபோது, கணக்கர் திரும்பி வந்த ஒன்பது வேட்டிகளையும் மேஜைமேல் வைத்தார். அவற்றை நெய்தவர்களில் ஒருவர் எழுந்து, தாம் நெய்த கரையை அடையாளம் கண்டு, சிறிது நேரம் பேசாமல் நின்றார். கூலி ஏற்றத்துக்குச் சம்மதம் கிடைத்தது. மஞ்சள் சீட்டுக்கு அடுத்த பருவத்தில் வேலையில்லாமற் போயிற்று.

படிப்பு வட்டத்துக்குச் சில கேள்விகள்

1. உங்கள் சங்கத்தில் சென்ற மாதம் வாங்காமல் போனவர் சொன்ன காரணங்கள் எங்கேனும் எழுதப்பட்டிருக்கின்றனவா? இல்லையேல் அவற்றை அறிந்தவர் யார்? அவர் ஒரு மாதம் வராவிட்டால் என்ன ஆகும்?

2. உங்கள் பிரதிநிதிகள் வழக்கமாகக் கொடுக்கும் உறுதிமொழி ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதனைச் சோதித்தவர் யார்? எந்தச் சரக்கில், எந்தத் தேதியில்?

3. விற்பனையில் அடிக்கடி எழும் மறுப்பு ஒன்றைக் குறிப்பிட்டு, அதற்கு விடையட்டை போதுமா, தறியிலோ வயலிலோ மாற்றம் வேண்டுமா என்று ஆராய்க.